அந்தப் பாட்டிலை வண்டியில் வைத்தது யார்?

வாசகர் கடிதம்

"அக்காவுக்கு வணக்கம். எனக்கு வயது 29. ஊர் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்து ஒரு தனியார் டெய்ரி லேபில் ஐந்து வருஷமாக வேலை. இந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து ஒரு ரூட்டில் சாயங்காலப் பால் தொடர்ந்து புளித்து வந்தது. மார்ச்சில் மட்டும் 46 கேன் திருப்பினோம். ஐந்து பேர் குழு போட்டார்கள், அதில் நான் ஒருத்திதான் பெண். தூரம்தான் காரணம், இன்னொரு வண்டி விட வேண்டும் என்று முடிவாக இருந்தது. நான் அதே பாலைக் கொதிநீரில் போட்டெடுத்த பாட்டிலில் ஊற்றி, வண்டியில் கேனுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்து மெத்திலீன் நீலம் விட்டு டெஸ்ட் செய்தேன், அவ்வளவுதான். பாட்டில் பால் நாலு மணி நேரத்துக்கு மேல் நீலமாகவே நின்றது. கேன் பால் ஒன்றரை மணி நேரத்தில் வெளுத்துவிட்டது. 'மூடியைத் திறந்தாலே வாடை வருது' என்று முதலில் சொன்னவர் குழுவில் இல்லாத டிரைவர் அண்ணன். ஃபிட்டர் கேனை ஈரத்தோடு மூடாமல் கவிழ்த்துக் காயவைக்க ஸ்டாண்டு செய்து கொடுத்தார். கொள்முதல் சூப்பர்வைசர் ஒவ்வொரு சென்டராகப் போய்ப் பேசினார். மேலாளர் பணம் ஒதுக்கினார். ஜூலையில் 9 கேன்தான் திரும்பியது. அரையாண்டுப் படிவத்தில் 'குழுவில் ஒருவராகப் பணியாற்றினேன், மேலாளரின் வழிகாட்டலில் நல்ல பலன் கிடைத்தது' என்று எழுதினேன். தர ஆய்வுப் பொறுப்பாளர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. மேலாளர் இதைத் தலைமை அலுவலகத்தில் தன் சாதனையாகக் காட்டினார் என்று கேள்வி. என் அப்பா இரண்டு மாடு வைத்துச் சங்கத்தில் பால் ஊற்றுகிறவர். 'நிறைகுடம் தளும்பாது' என்று சொல்லி வளர்த்தவர். நான் செய்தேன் என்று சொன்னால் மற்றவர்கள் உழைப்பைத் திருடியதாகாதா? அடுத்த மாதம் ஆண்டுப் படிவம். கோவையில் ஒரு இன்டர்வியூவும் வந்திருக்கிறது."

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் 'அவ்வளவுதான்' என்ற சொல்லை நீங்கள் எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று திரும்பப் பாருங்கள். ஐந்து பேர் செய்த வேலையில் எந்த ஒரு செயல் இல்லாவிட்டால் விஷயமே வேறு பாதையில் போயிருக்குமோ, சரியாக அதன் பின்னால் போட்டிருக்கிறீர்கள். உணவுத் தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் பத்தாண்டுகளுக்கு மேல் மதிப்பீட்டுப் படிவங்களைப் படித்துவிட்டுத்தான் இந்த ஆலோசனைப் பணிக்கு வந்தேன். எங்கள் வட்டாரப் பிள்ளைகள், அதிலும் பெண்கள், தங்கள் பெரிய வேலையை இப்படி ஒரு சின்னச் சொல்லால் மூடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பாட்டிலைப் பற்றிப் பேசுவோம். 10 மில்லி பாலில் 1 மில்லி மெத்திலீன் நீலக் கரைசலை விட்டு, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்து, நீலம் எப்போது போகிறது என்று பார்ப்பது பால் லேபில் தினமும் நடக்கிற சோதனை. கிருமி அதிகமிருந்தால் நீலம் சீக்கிரம் போகும். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதனால்தான் உங்களுக்கு அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஆனால் நீங்கள் செய்தது சோதனை மட்டுமல்ல. ஒரே பால், ஒரே வண்டி, ஒரே தூரம், ஒரே வெயில், பாத்திரம் மட்டும் வேறு. தூரம்தான் காரணம் என்றால் பாட்டில் பாலும் கெட்டிருக்க வேண்டும். அது கெடவில்லை. அந்த ஒரு சோதனையிலேயே 'இரண்டாவது வண்டி' என்ற யோசனை அடிபட்டுப் போனது. குழுவின் மற்ற நால்வரும் தேடிய இடம் சாலை. நீங்கள் கேனுக்குள் பார்க்க வைத்தீர்கள். ஒரு நிர்வாகம் தர ஆய்வுப் பொறுப்பாளரிடம் தேடுவது இந்தத் திறமையைத்தான். அதை நீங்கள் படிவத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை.

விட்டுக்கொடுத்த பெயர் யாரிடம் போனது?

உங்கள் கேள்வியில் ஒரு கணக்கு இருக்கிறது. 'நான் எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்குக் குறையும், நான் விட்டுவிட்டால் எல்லோருக்கும் சமமாகப் போகும்' என்று நினைக்கிறீர்கள். நடந்ததைப் பாருங்கள். நீங்கள் விட்ட பங்கு டிரைவர் அண்ணனுக்குப் போகவில்லை, ஃபிட்டருக்கும் போகவில்லை. நீங்களே எழுதிய 'மேலாளரின் வழிகாட்டலில்' என்ற சொற்களின் வழியாக நேராக மேலாளரிடம் போய்ச் சேர்ந்தது. பெயர் இல்லாத வேலை எப்போதும் பதவி இருக்கிற பக்கமே சாயும். உங்கள் அடக்கம் உங்களை மட்டும் மறைக்கவில்லை. வாடையை முதலில் சொன்ன மனிதரையும் சேர்த்து மறைத்துவிட்டது. அவர் குழுவிலேயே இல்லாதவர், அவருக்குப் படிவமும் கிடையாது. உங்கள் படிவத்தில் வராவிட்டால் அவர் பெயர் வேறெங்கும் வரப் போவதில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும். மேலாளர் உங்கள் வேலையைத் திருடினார் என்ற எண்ணத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். தலைமை அலுவலகத்தில் அவர் என்ன பேசினார் என்பது உங்களுக்குக் கேள்விதான். உங்கள் கையெழுத்தோடு இருக்கிற காகிதமோ அவருடைய வழிகாட்டலில் நடந்தது என்கிறது. அவர் அதைப் படித்து நம்பியிருக்கலாம். பணம் ஒதுக்கியதும் உண்மையான பங்குதான். பதவி கைவிட்டுப் போனதற்கு இது ஒன்றுதான் காரணம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். பணிமூப்போ ஷிப்ட் அனுபவமோ கணக்கில் வந்திருக்கலாம். என்னென்ன பார்த்தார்கள் என்று மனிதவளப் பிரிவில் பணிவாகக் கேட்க உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை, கேளுங்கள்.

குழுவில் ஒரே பெண் என்று எழுதியிருந்தீர்கள். இது பற்றி 2013இல் அமெரிக்காவில் மிஷெல் ஹெய்ன்ஸும் மேட்லின் ஹைல்மனும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கூட்டாகச் செய்த வேலை நன்றாக முடிந்தது என்று மட்டும் சொல்லி, யார் பங்கு எவ்வளவு என்று கேட்டால், ஆணோடு சேர்ந்து வேலை செய்த பெண்கள் தங்களைக் குறைத்தும் கூட்டாளியை உயர்த்தியும் சொன்னார்கள். கூட்டாளி பெண் என்றபோது அப்படிச் சொல்லவில்லை. நமக்கு முக்கியமான பகுதி இதற்கு அடுத்தது. தனித்தனியாக யார் எப்படிச் செய்தார் என்ற விவரம் கையில் இருந்தபோது இந்தக் குறைத்துச் சொல்லல் மறைந்துபோனது. அதனால் உங்கள் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை மனதிடம் கேட்காதீர்கள், லேப் ரெஜிஸ்டரைக் கேளுங்கள்.

சதவீதம் வேண்டாம், வினைச்சொல் போதும்

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் 'இதில் என் பங்கு எத்தனை சதவீதம்?' என்று ஆரம்பிப்பார்கள். உங்கள் கதையில் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. பாட்டில் சோதனை இல்லாவிட்டால் இரண்டாவது வண்டி வந்திருக்கும், பால் தொடர்ந்து புளித்திருக்கும். ஸ்டாண்டு இல்லாவிட்டால் காரணம் தெரிந்தும் கேன் காய்ந்திருக்காது. சூப்பர்வைசர் போய்ப் பேசாவிட்டால் சென்டர்காரர்கள் பழையபடி ஈரக் கேனை மூடியிருப்பார்கள். பணம் இல்லாவிட்டால் ஸ்டாண்டே இல்லை. ஒவ்வொன்றும் முழுதாகத் தேவைப்பட்டது. சங்கிலியில் எந்தக் கண்ணி எத்தனை சதவீதம் என்று எப்படிச் சொல்வது?

சதவீதம் கேட்டால் மனித மனம் தவறித்தான் போகும். 1979இல் கனடாவில் மைக்கேல் ராஸும் ஃபியோரே சிக்கோலியும் கணவன் மனைவி இருவரிடமும் வீட்டு வேலைகளில் அவரவர் பங்கைத் தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் இரண்டையும் கூட்டினால் முழு வேலையையே தாண்டியது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. தான் செய்தது தனக்கு அதிகம் நினைவிருக்கிறது, அதுவே முக்கியக் காரணம். உங்கள் குழுவின் மற்ற நால்வரிடமும் கேட்டால் அவர்களும் தங்கள் பங்கைக் கொஞ்சம் பெரிதாகத்தான் நினைவு வைத்திருப்பார்கள். அதற்காக அவர்களை மனதுக்குள் குறை சொல்ல வேண்டியதில்லை.

ஆராய்ச்சி இதழ்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தன. ஒரு கட்டுரையில் பத்துப் பேர் பெயர் இருந்தால் யார் என்ன செய்தார் என்று தெரியாமல் தவித்த அவை, பங்களிப்பை 14 வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. யோசனை, முறையை வகுத்தல், சோதனை நடத்துதல், கணக்கிட்டுப் பார்த்தல், பணம் பெற்றுத் தருதல், மேற்பார்வை என்று போகிறது அந்தப் பட்டியல். சதவீதம் அதில் இல்லை. உங்கள் வேலைக்கு 14 வேண்டாம், ஐந்தாறு வினைச்சொற்கள் போதும். 'கவனித்துச் சொன்னார்' என்பது டிரைவர். 'சோதனையை வகுத்தேன், மாதிரி எடுத்தேன், காரணத்தை எழுதிக் கொடுத்தேன்' என்பது நீங்கள். 'செய்து கொடுத்தார்' ஃபிட்டர். 'நடைமுறைக்குக் கொண்டுவந்தார்' சூப்பர்வைசர். 'அனுமதித்தார், பணம் ஒதுக்கினார்' மேலாளர். ஒரு வினைச்சொல் ஒருவருக்கு என்று வைத்துவிட்டால் யாரிடமிருந்தும் யாரும் எதையும் பறிக்க முடியாது. கேனைக் கவிழ்த்துக் காயவைக்கச் சொன்ன யோசனை உங்களுடையதா, கூட்டத்தில் பேசப் பேச வந்ததா என்பது உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை. கூட்டத்தில் வந்தது என்றால் அங்கே மட்டும் 'குழுவில் பேசி முடிவு செய்தோம்' என்று எழுதுங்கள். 'செய்தோம்' என்பதைப் படிவம் முழுக்கப் பூசுவதில்தான் சிக்கல். உண்மையிலேயே சேர்ந்து செய்த இடத்தில் அது சரியான சொல்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. நம் எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் வருகிற தொல்லை இது. தமிழில் 'மாதிரி எடுத்தேன்' என்றாலே நான் அதற்குள் இருக்கிறேன். தனியாக 'நான்' போட வேண்டியதில்லை, போடாமலே பேசி வளர்ந்தவர்கள் நாம். மலையாள வினைக்கு அந்த விகுதி கிடையாது. 'சாம்பிள் எடுத்து' என்று அங்கே எழுதினால் வேலை முடிந்தது என்று தெரியும், முடித்தது யார் என்று தெரியாது. நான் எடுத்தேனா, அவர் எடுத்தாரா, அவர்கள் எடுத்தார்களா? வினை ஒன்றுதான். தமிழில் யோசித்து, 'நான்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அதை மலையாளத்தில் எழுதும்போது நீங்கள் காகிதத்திலிருந்தே காணாமல் போகிறீர்கள். உங்கள் மார்ச் மாத அறிக்கையை எடுத்துப் பாருங்கள், 'ஞான்' எத்தனை இடத்தில் இருக்கிறது என்று. ஆங்கிலத்தில் எழுதினாலும் 'செய்யப்பட்டது' என்ற அமைப்புக்குள் போய் ஒளிந்துகொள்ள எளிது. ஆகவே எந்த மொழியில் படிவம் எழுதினாலும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யார் என்ற சொல் எழுத்தில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

9 என்ற எண்ணை அப்படியே எழுத வேண்டாம்

அடக்கத்தை விடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கில் கறாராக இருக்கச் சொல்கிறேன், அது உங்களுக்கு எதிராகவும் பேசும். மார்ச்சில் 46, ஜூலையில் 9 என்று படிவத்தில் எழுதினால், பால் தொழில் தெரிந்த யாரும் முதலில் கேட்கும் கேள்வி மழையைப் பற்றித்தான் இருக்கும். பாலக்காட்டுக் கணவாயில் மார்ச் வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் சாயங்காலப் பால் தானாகவே கொஞ்சம் தாங்கும். கேன் எதையும் மாற்றாமல் விட்டிருந்தாலும் 46 இறங்கித்தான் இருக்கும்.

எனவே போன வருஷ ரெஜிஸ்டரை எடுங்கள். அதே ரூட், அதே ஜூலை, திரும்பிய கேன் எத்தனை? பேச்சுக்கு 21 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நேர்மையான ஒப்பீடு 21க்கு 9. 46க்கு 9 அல்ல. கேட்க மட்டாகத்தான் இருக்கும், ஆனால் இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் எத்தனை குறுக்குக் கேள்வி போட்டாலும் அது நிற்கும். இன்னொரு சரிபார்ப்பும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கேன் முறை மாறாத வேறு ரூட் இருந்தால், இந்த மார்ச்சிலிருந்து ஜூலைவரை அங்கே எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். அங்கும் இதே அளவு குறைந்திருந்தால் பெரும்பகுதி மழையின் வேலை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்போதும் உங்கள் பாட்டில் சோதனையின் மதிப்பு போய்விடாது, அது காட்டியது காரணத்தை. ஆனால் 'இவ்வளவு குறைத்தோம்' என்ற வாக்கியத்தை எழுதக் கூடாது. போன மார்ச்சில் எத்தனை திரும்பியது என்பதையும் பார்த்து வையுங்கள். இந்த வருஷம்தான் வழக்கத்துக்கு மாறாக ஏறியது என்றால் அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

வாகனச் செலவு மிச்சம் என்று எழுத ஆசை வரும். இரண்டாவது வண்டி வாடகைக்கு எழுத்தில் ஏதாவது மதிப்பீடு தயாராகியிருந்தால் அதைச் சொல்லலாம். கூட்டத்தில் வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தது என்றால், 'இரண்டாவது வண்டி விடும் யோசனை கைவிடப்பட்டது' என்ற அளவில் நிறுத்துங்கள், ரூபாய்க் கணக்கு போடாதீர்கள்.

படிவத்தில் எழுத ஒரு மாதிரி தருகிறேன். தேதியும் எண்ணும் நீங்கள் ரெஜிஸ்டர் பார்த்து நிரப்ப வேண்டியவை.

"சாயங்காலப் பால் புளிப்புக் குழுவில் (5 பேர்) லேப் தரப்பு என்னுடையது. கேன் மூடியில் வாடை வருவதை ரூட் டிரைவர் கவனித்துச் சொன்னார். தூரம் காரணமா, கேன் காரணமா என்று பிரித்தறிய, ஒரே பாலைக் கேனிலும் கொதிநீரில் சுத்தம் செய்த பாட்டிலிலும் ஒரே வண்டியில் கொண்டுவந்து ஒப்பிடும் சோதனையை நான் வகுத்து, … நாட்கள், … சென்டர்களில் நடத்தினேன். பாட்டில் பாலில் நீலம் 4 மணி நேரத்துக்கு மேலும், கேன் பாலில் சுமார் ஒன்றரை மணி நேரமும் நின்றது. கேனே காரணம் என்று … தேதி அறிக்கை கொடுத்தேன். அதன்பேரில் இரண்டாவது வண்டி யோசனை கைவிடப்பட்டது. கேன்களைக் கவிழ்த்துக் காயவைக்கும் ஸ்டாண்டை ஃபிட்டர் செய்தார். சென்டர்களில் நடைமுறைப்படுத்தியது கொள்முதல் சூப்பர்வைசர். செலவுக்கு மேலாளர் அனுமதி தந்தார். இந்த ரூட்டில் திரும்பிய கேன்கள்: சென்ற ஆண்டு ஜூலை …, இந்த ஆண்டு ஜூலை 9."

படித்துப் பாருங்கள். 'சாதனை', 'சிறப்பாக', 'கடுமையாக உழைத்து' என்ற சொற்கள் எதுவும் இல்லை. பெருமை தெரிவது பெரும்பாலும் அடைமொழியில்தான். உங்களுக்குக் கூச்சமாக இருப்பதும் அந்த அடைமொழிகளைத்தான் என்று நினைக்கிறேன், அவற்றைத் தாராளமாக விட்டுவிடுங்கள். வினைச்சொல்லையும் தேதியையும் மட்டும் விடாதீர்கள்.

மேலாளரிடமும் கோவையிலும்

படிவத்தைத் திடீரென்று கொடுக்காதீர்கள். அரையாண்டில் ஒரு மாதிரி எழுதிவிட்டு ஆண்டுக் கடைசியில் வேறு மாதிரி எழுதினால், தனக்கு எதிராக யாரோ தூண்டிவிட்டார்கள் என்று மேலாளருக்குத் தோன்றலாம். இதில் உள்ள ஒரே பெரிய ஆபத்து இதுதான். முதலில் ஃபிட்டரிடமும் சூப்பர்வைசரிடமும் அவரவர் வரியைக் காட்டி, 'உங்களைப் பற்றி எழுதினது சரியா சேட்டா?' என்று கேளுங்கள். டிரைவரிடமும் கேளுங்கள், பெயர் போட அவருக்குச் சம்மதமா என்று. அவர்கள் திருத்தினால் திருத்துங்கள். இந்தச் சரிபார்ப்பு உங்களுக்குக் கேடயமும் ஆகும். மூவரும் பார்த்து ஒப்புக்கொண்ட கணக்கை யாரும் சுயபுராணம் என்று சொல்ல முடியாது.

பிறகு மேலாளரைத் தனியாகப் பார்த்து, பழைய வருத்தம் எதையும் எடுக்காமல் சொல்லுங்கள்: "சார், அரையாண்டுப் படிவத்துல நான் பொதுவா எழுதிட்டேன், லேப் சைடுல நடந்தது பதிவாகாமப் போச்சு. இந்தத் தடவை யார் யார் என்ன செஞ்சாங்கன்னு பிரிச்சு எழுதியிருக்கேன். உங்க பார்வையில ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க சார்." தவறு தன்னுடையது என்று ஆரம்பிப்பது இங்கே நடிப்பல்ல, உண்மையிலேயே அந்தக் குறைபாடான வாக்கியம் உங்களுடையதுதான். அவர் தன் பங்கைக் கூட்டச் சொன்னால், அவர் செய்த செயல் எதுவென்று கேட்டு அதைச் சேருங்கள். 'சோதனையை வகுத்தது நான்' என்பதை 'குழு வகுத்தது' என்று மாற்றச் சொன்னால் மட்டும், "லேப் ரெஜிஸ்டர்ல என் கையெழுத்துலதானே சார் இருக்கு, அதனாலதான் எழுதினேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். வாதம் வேண்டாம். அப்படியும் அவர் வற்புறுத்தினால் நீங்கள் எழுதியபடியே சமர்ப்பித்து, மாற்றுக் கருத்தை மேலாளர் குறிப்புப் பகுதியில் அவரையே எழுதச் சொல்லலாம். பெரும்பாலான படிவங்களில் அதற்கென்று இடம் உண்டு.

கோவை இன்டர்வியூவுக்குப் போகும்போது ஒன்றில் கவனம். ரெஜிஸ்டரின் நகல், போட்டோ, சென்டர் வாரியான எண்கள் எதையும் கொண்டுபோகாதீர்கள். அவை கம்பெனியின் சொத்து, நீங்கள் போவதோ அதே தொழிலில் உள்ள இன்னொரு இடம். வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட தாளில் ரகசியம் காப்பது பற்றிய வரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனையை எப்படி வகுத்தீர்கள் என்பதைச் சொல்ல எந்த எண்ணும் தேவையில்லை. 'ஒரே ரூட்டில், சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே வந்தது' என்ற அளவு போதும், அதுவும் ரெஜிஸ்டர் அப்படிச் சொன்னால் மட்டும்.

அங்கே கேட்பார்கள், 'நாங்கள் நாங்கள் என்கிறீர்களே, இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று. அந்த இடத்தில்தான் வீட்டுப் பழக்கம் தொண்டையை அடைக்கும். அதற்கு முன்பே மூன்று வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். "எல்லாரும் தூரம்னு நினைச்சாங்க. ஒரே பாலைப் பாட்டிலிலும் கேன்லயும் ஒரே வண்டியில வச்சு நான் ஒப்பிட்டேன். கேன்தான் காரணம்னு தெரிஞ்சது." இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பின்னாலேயே 'அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், எல்லாரும் சேர்ந்துதான்' என்று ஒரு வால் வரும். வருவதை நீங்களே கவனிப்பீர்கள். அதற்குப் பதிலாக, 'ஸ்டாண்டு செஞ்சது எங்க ஃபிட்டர், சென்டர்கள்ல பேசி நடத்தினது சூப்பர்வைசர்' என்று சொல்லுங்கள். அவர்களுக்கு உரியதும் வந்துவிடும், சொன்னதைத் திரும்ப விழுங்கவும் வேண்டாம்.

இனிமேல் வருகிற வேலைகளுக்கு ஒரு சின்ன ஏற்பாடு. வெள்ளிக்கிழமை லேபைப் பூட்டுவதற்கு முன் ஐந்து நிமிஷம், ஒரு நோட்டில் அந்த வாரம் நீங்கள் செய்தது இரண்டு வரி, உங்களுக்கு உதவியவர் பெயர் ஒரு வரி. தேதி கட்டாயம். சென்டர் பெயரோ விலையோ அதில் வேண்டாம். ஆறு மாதம் கழித்துப் படிவம் வரும்போது ஞாபகத்தைக் கிளறி, கூச்சத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது, நோட்டைப் பார்த்து எழுதிவிடலாம். குழுக் கூட்டம் முடிந்ததும் 'இன்று பேசியது' என்று நாலு வரி மெயிலோ வாட்ஸ்அப்போ போடுகிற பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். யார் எதைச் செய்யப் போகிறார் என்பது அன்றைக்கே எல்லோர் கண்முன்னும் எழுத்தில் வந்துவிடும்.

கடைசியாக அப்பா. அவர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் காலையில் அவர் சங்கத்தில் பால் ஊற்றும்போது என்ன செய்கிறார் என்று ஒருநாள் கூடப் போய்ப் பாருங்கள். எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு என்று எழுதிய சீட்டைக் கையில் வாங்காமல் கிளம்ப மாட்டார். அரை லிட்டர் குறைத்து எழுதியிருந்தால் நின்று கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் பாலைத் தன் கணக்கில் ஏற்றிவிட்டாலும் கூப்பிட்டுத் திருத்தச் சொல்வார். அந்த இடத்தில் அவர் தளும்புவதாக ஊரில் யாரும் நினைத்ததில்லை, அவருக்கும் அப்படித் தோன்றியிருக்காது. உங்கள் படிவமும் அந்தச் சீட்டு மாதிரிதான். எழுதி முடித்ததும் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இதில் எந்த வரி மிகை, எது குறை என்று கேளுங்கள். பாலும் கேனும் ஆயுசெல்லாம் பார்த்தவர் அவர், தப்பு இருந்தால் அவருக்குத் தெரியும்.